அடிக்கணக்கு வீட்டை மில்லிமீட்டர் கிராஃப் தாளில் அடக்குவது

வீட்டை அடியிலும் அங்குலத்திலும் யோசிக்கிறோம். கிராஃப் தாள் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கிறது. பிளான் வரையும்போது வரும் குழப்பத்தில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் முதலில் தோன்றும் அளவுத்திட்டம் "1 செ.மீ. = 2 அடி". கேட்கச் சுலபமாக இருக்கும், அறைகளும் அழகாகக் கட்டத்தில் விழும். சுவரை வரையப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். அந்தத் திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் 2.4 அங்குலம். 9 அங்குலச் சுவர் 3.75 கட்டம், நாலரை அங்குலச் சுவர் 1.875 கட்டம். இந்த எண்களைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒவ்வொரு சுவரையும் உத்தேசமாக வைத்துக்கொண்டே போனால், வீட்டின் மறுகோடிக்குப் போய்ச் சேரும்போது கடைசி அறை சில அங்குலம் கூடியோ குறைந்தோ நிற்கும்.

ஆகவே தாளில் அடங்குகிறதா என்பது மட்டும் போதாது. வீட்டின் மிக மெல்லிய சுவர் முழுக் கட்டத்திலோ அரைக் கட்டத்திலோ விழுகிறதா என்பதையும் பார்த்துத்தான் அளவுத்திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். ஒரே தளமுள்ள ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை போட்டுப் பார்ப்போம்.

இந்தப் பதிவில் "கட்டம்" என்றால் 1 மி.மீ. சின்னக் கட்டம். தடித்த கோட்டால் சூழப்பட்ட 1 செ.மீ. சதுரத்தைப் பெரிய கட்டம் என்று சொல்கிறேன். "ஸ்கேல்" என்ற சொல் அளவுத்திட்டத்துக்கும் கையில் பிடிக்கும் கோலுக்கும் பொதுவாக வந்து குழப்புவதால், கோலை மட்டும் ஸ்கேல் என்கிறேன்.

தாளை எண்ணுவது

ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். ஆனால் கட்டம் அச்சாகியிருக்கும் பரப்பு அதைவிடச் சிறியது, தாளுக்குத் தாள் மாறவும் செய்யும். பெரிய கட்டங்களை இரண்டு பக்கமும் எண்ணித் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். இங்கே குறுக்கே 18, நெடுக்கே 25 பெரிய கட்டங்கள் உள்ள தாளை எடுத்துக்கொள்வோம். அதாவது 180 × 250 சின்னக் கட்டங்கள்.

இதில் முழுவதும் வீட்டுக்குக் கிடைக்காது. அளவுக்கோடுகளை வெளிப்புறத்தில் இரண்டு வரிசையாகப் போட வேண்டும்: உள்வரிசையில் அறைகளும் சுவர்களும் தனித்தனியாக, வெளிவரிசையில் மொத்த நீளம். இரண்டு வரிசைக்கும் எழுத்துக்கும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 20 கட்டம் வேண்டும். நான்கு பக்கமும் 20 விட்டு, தலைப்பு, அளவுத்திட்டம், வடக்குக் குறி எழுதுவதற்குக் கீழே இன்னும் 30 விட்டால் மிஞ்சுவது 140 × 180 கட்டம். வீடு இதற்குள்தான் இருக்க வேண்டும். இந்த ஓரத்தை விடாமல் வரைந்த பிளானில் அளவுகளை அறைக்குள்ளேயே திணிக்க வேண்டி வரும். பிறகு கதவு எது, எண் எது என்று தெரியாது.

வீட்டைக் கூட்டுவது

நம் வீட்டில் தெருப்பக்கம் தாளின் கீழே இருக்கிறது. இடதுபுறம் முன்னால் ஹால், 14 அடி அகலம், 18 அடி நீளம். அதன் பின்னால் அதே அகலத்தில் இரண்டாம் படுக்கையறை, 10 அடி நீளம். வலதுபுறம் எல்லாமே 11 அடி அகலம்: முன்னால் முதல் படுக்கையறை 12 அடி, நடுவில் சமையலறை 10 அடி 7½ அங்குலம், பின்னால் குளியலறை 5 அடி. வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் 4½ அங்குலம். பூச்சு இல்லாத செங்கல் கனம் இது. எல்லா அறை அளவுகளும் உள்ளளவு, சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் உள்முகம்வரை.

எல்லாவற்றையும் அங்குலமாக்கிவிட்டுக் கூட்டுங்கள். அடியையும் அங்குலத்தையும் கலந்து கூட்டினால் 12 அங்குலத்தை அடியாக ஏற்றும் இடத்தில் ஒரு தவறாவது வந்தே தீரும்.

குறுக்கே: 9 + 168 + 4½ + 132 + 9 = 322½ அங்குலம். அதாவது 26 அடி 10½ அங்குலம்.

நெடுக்கே இடது வரிசை: 9 + 216 + 4½ + 120 + 9 = 358½ அங்குலம்.

நெடுக்கே வலது வரிசை: 9 + 144 + 4½ + 127½ + 4½ + 60 + 9 = 358½ அங்குலம்.

இடதும் வலதும் ஒன்றாக வந்திருப்பதைக் கவனியுங்கள். பென்சிலைத் தொடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டிய சோதனை இது. இரண்டும் ஒத்துவராவிட்டால், வித்தியாசம் எவ்வளவு என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சரியாக 4½ அங்குலம் என்றால் ஓர் உள்சுவர் கூட்டலில் விட்டுப்போயிருக்கிறது. 9 என்றால் வெளிச்சுவர் ஒன்று, அல்லது உள்சுவர் இரண்டு. 12 அல்லது அதன் மடங்கு என்றால் அடியைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எதிலும் சேராத 2, 3 அங்குலம் என்றால் அளந்ததில் பிழை. அறைகள் இரண்டு வரிசையாக இருந்து, ஒன்றில் உள்சுவர் ஒன்றும் மற்றதில் இரண்டும் இருக்கும் இது மாதிரியான வீட்டில்தான் அந்த நாலரை அங்குலம் அடிக்கடி காணாமல் போகும். இடதுபுறத்தைப் பார்த்துக்கொண்டு வலதுபுறமும் ஒரே சுவர்தான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

இனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. முன்னால் வராந்தா 6 அடி, 72 அங்குலம். அதற்கு முன்னால் இரண்டு படி, படிக்கு 1 அடி வீதம் 24 அங்குலம். ஆக நெடுக்கே மொத்தம் 358½ + 72 + 24 = 454½ அங்குலம், 37 அடி 10½ அங்குலம். படியை மறந்துவிட்டு அளவுத்திட்டம் போடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. வீடு அழகாகப் பொருந்திய பிறகு, படி தலைப்புப் பெட்டிக்குள் போய் நிற்கும். புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டிய சன்ஷேடு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கழிவுநீர்த் தொட்டி இவற்றில் எதைக் காட்டப்போகிறீர்களோ அதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுத்து, மேல்நோக்கி முழுதாக்குவது

ஒரு கட்டம் எத்தனை அங்குலமாக இருந்தால் அடங்கும் என்று இரண்டு திசைக்கும் தனித்தனியாக வகுக்க வேண்டும்.

குறுக்கே: 322½ ÷ 140 = 2.30

நெடுக்கே: 454½ ÷ 180 = 2.53

பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே 2.53. ஒரு கட்டம் இதைவிடக் குறைந்த அங்குலத்தைக் காட்டினால் நெடுக்கே வெளியே போய்விடும். இதை மேல்நோக்கி, அடுத்த வசதியான எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் கை தவறும். 2.53 என்றதும் 2½ என்று கீழே இறக்கத் தோன்றும். கட்டத்துக்குரிய அங்குலம் குறைந்தால் படம் பெரிதாகும், கூடினால் படம் சிறிதாகும். அடங்கவில்லை என்றால் எண்ணைக் கூட்ட வேண்டும்.

வசதியான எண் என்றால் எது? அங்குலக் கணக்கில் 12-ஐ மீதியில்லாமல் வகுப்பது: 1, 2, 3, 4, 6. இவற்றுள் 2.53-க்குக் கீழே போகாமல், 9-ஐயும் 4½-ஐயும் ஏற்றுக்கொள்வது எது என்று பார்த்தால் 3 தனியாக நிற்கிறது. ஒரு கட்டம் 3 அங்குலம் என்றால் ஓர் அடிக்கு 4 கட்டம், 9 அங்குலச் சுவருக்கு 3 கட்டம், நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றரைக் கட்டம். இரண்டரை அடிக் கதவு 10 கட்டம், அதாவது ஒரு பெரிய கட்டம். மூன்றடிக் கதவு 12. மனக்கணக்கிலேயே ஓடும்.

2 அங்குலமும் நல்ல எண்தான்: அடிக்கு 6 கட்டம், சுவர் 4½ கட்டமும் 2¼ கட்டமும். கால் கட்டத்தை உத்தேசமாக வைக்க வேண்டும் என்றாலும் படம் பெரிதாக, தெளிவாக இருக்கும். நம் வீட்டுக்கு அதைப் போட்டால் 161 × 227 கட்டம். தாளில் அச்சான 180 × 250-க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் பக்கத்துக்கு 9 கட்டம்தான் ஓரம். மேலும் கீழும் சேர்த்தே 23. அளவுக்கோட்டுக்கு இடமில்லை, தலைப்புக்கு அறவே இல்லை. அடங்குவதும் வரைய இடமிருப்பதும் ஒன்றல்ல. பெரிய படம்தான் வேண்டும் என்றால் ஏ3 தாளுக்குப் போய் 2 அங்குலத்தை வைத்துக்கொள்ளலாம்.

4 அங்குலத்துக்கும் 6 அங்குலத்துக்கும் நான் போகவே மாட்டேன். 4-ல் நாலரை அங்குலச் சுவர் 1.125 கட்டம், 6-ல் முக்கால் கட்டம். 0.5 மி.மீ. பென்சிலால் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டால் நடுவே கால் மில்லிமீட்டர்தான் வெள்ளை தெரியும், சுவர் ஒரே தடித்த கோடாகிவிடும். சுவர் ஒன்றரைக் கட்டத்துக்குக் கீழே போகிறது என்றால் அளவுத்திட்டத்தைச் சுருக்காமல் தாளைப் பெரிதாக்குவதே சரி.

ஆகவே முடிவு: 1 கட்டம் = 3 அங்குலம், 4 கட்டம் = 1 அடி. வீடு 107½ × 151½ கட்டம். ஒதுக்கிய 140 × 180-க்குள் தாராளமாக அடங்குகிறது.

இதை விகிதமாக எழுதினால் 1:76.2 (3 அங்குலம் 76.2 மி.மீ. ஆகும்). 1:75-க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அப்படியே எழுதிவிடாதீர்கள். முப்பது அடிச் சுவர் நம் தாளில் 120 மி.மீ. அதை ஒருவர் 1:75 ஸ்கேலால் அளந்தால் 9 மீட்டர், கிட்டத்தட்ட 29 அடி 6¼ அங்குலம் என்று படிப்பார். அரை அடி போய்விட்டது. தாளில் "1 மி.மீ. = 3 அங்குலம்" என்று சொல்லாகவே எழுதுங்கள்.

மூலையை எங்கே வைப்பது

வீட்டின் முன்பக்க இடது வெளிமூலையைப் பூச்சியமாக வைத்துக்கொள்வோம். அது இரண்டு தடித்த கோடுகள் வெட்டும் இடத்தில் விழுந்தால் எண்ணுவது சுலபம். ஓரக்கோடுகளைச் சேர்க்காமல் எண்ணினால், இடது ஓரத்திலிருந்து 4-வது தடித்த கோடும் கீழிருந்து 10-வது தடித்த கோடும் சந்திக்கும் புள்ளி நமக்குச் சரியாக இருக்கும். அங்கிருந்து வலப்பக்கம் 107½ கட்டம் போனால் வலது ஓரத்தில் 32½ மிச்சம். மேலே 119½ போனால் 30½ மிச்சம். கீழே வராந்தா 24 கட்டம், படி 8 கட்டம், ஆக 32 இறங்கினால் தாளின் அடியிலிருந்து 68-ல் நிற்கும். அதற்குக் கீழே 30 தலைப்புக்கு, 38 அளவுக்கோட்டுக்கு.

முதல் கோட்டைப் போடும் முன் இந்த நான்கு மிச்சத்தையும் கணக்கிட்டு விடுங்கள். பாதி வீடு வரைந்த பிறகு இரண்டு பெரிய கட்டம் நகர்த்த வேண்டுமானால் தாளையே மாற்ற வேண்டியதுதான். அழித்த இடத்தில் கிராஃப் தாளின் மேற்பரப்பு நார்நாராகி, அடுத்த கோடு பரவும்.

ஓடும் எண்ணிக்கை

ஓர் அறையை வரைந்து, அதன் முடிவிலிருந்து அடுத்த அறையை அளப்பதுதான் இயல்பாகத் தோன்றும் வழி. அது பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும். ஒவ்வொரு அறையிலும் அரைக் கட்டம் தவறினால் மூன்றாம் அறையில் ஒன்றரைக் கட்டம், ஒரு முழு உள்சுவரின் கனம். அதற்குப் பதிலாக எல்லாக் கோடுகளையும் பூச்சியத்திலிருந்தே எண்ணுங்கள். கூட்டலை முதலில் ஒரு துண்டுத்தாளில் முடித்துக்கொண்டால் வரைவது வெறும் எண்ணும் வேலைதான். நம் வீட்டுக்கு:

குறுக்கே: 0, 3, 59, 60½, 104½, 107½

நெடுக்கே, இடது: 0, 3, 75, 76½, 116½, 119½

நெடுக்கே, வலது: 0, 3, 51, 52½, 95, 96½, 116½, 119½

ஒவ்வோர் எண்ணும் ஒரு சுவரின் ஒரு முகம். குறுக்கு வரிசையில் 59 ஹாலின் வலது உள்முகம், 60½ அதே சுவரின் மறுபக்கம், அதாவது படுக்கையறையின் இடது உள்முகம். நாலரை அங்குலச் சுவரைத் தாண்டியதும் எண்கள் அரைக்குப் போவதைப் பார்க்கலாம். குறுக்கே ஒரே உள்சுவர், ஆகவே மிச்ச எண்களெல்லாம் அரையில் முடிகின்றன. வலது வரிசையில் முதல் உள்சுவர் அரைக்குக் கொண்டுபோகிறது. சமையலறையின் நீளம் 42½ கட்டம் என்பதால் 95-ல் முழுக்கோட்டுக்குத் திரும்புகிறது. இரண்டாம் உள்சுவர் மறுபடி அரைக்கு. அரைக் கட்டம் என்பது இரண்டு மெல்லிய கோடுகளுக்கு நடுவே, கண்ணால் தடுமாறாமல் வைக்கக்கூடிய இடம். கால் கட்டம் அப்படியில்லை.

அரையில் விழும் கோடுகள் உறுத்துகின்றன என்று 60½-ஐ 61 ஆக்கினால் சுவர் 6 அங்குலமாகி, படுக்கையறை ஒன்றரை அங்குலம் குறையும், அல்லது வீடு அகலமாகும். அப்படியே விடுங்கள்.

எண்ணும்போது தடித்த கோட்டில் தாவுங்கள். 104½ என்றால் பத்துத் தடித்த கோடு, பிறகு நாலரை. ஒவ்வொரு மில்லிமீட்டராக நூறு எண்ணினால் எங்காவது ஒன்று விட்டுப்போகும். அப்படி விட்டால் எல்லாமே ஒரு கட்டம் தள்ளியிருக்கும், பார்வைக்கும் தெரியாது. ஸ்கேலை வைத்து 104.5 மி.மீ. அளக்கவும் வேண்டாம். அச்சு, குறிப்பாக வீட்டில் பிரிண்டரில் எடுத்த கிராஃப், நூறு கட்டத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ இருக்கலாம். சில கோடுகளை எண்ணியும் சிலவற்றை அளந்தும் போட்டால் அவை ஒன்றோடொன்று சேராது. ஸ்கேல் நேர்க்கோடு போட மட்டும்.

கோடு போடும் வரிசை

முதலில் 2எச் பென்சிலால் மிக மெல்லியதாக, எண்ணிய இடங்களில் முழுக் கோடுகள். சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவலைப்படாமல் மூலைகளைத் தாண்டி ஓடட்டும். வெளிச்சுவரின் நான்கு வெளிமுகம், பிறகு உள்முகம், பிறகு உள்சுவர்கள். இந்த நிலையில் வலது வரிசையின் கடைசி அறையைக் கீழிருந்து எண்ணாமல் மேலே பின்சுவரிலிருந்து கீழ்நோக்கி எண்ணிப் பாருங்கள். குளியலறை 20 கட்டம் இருக்க வேண்டும். 18½ இருந்தால் வழியில் ஒரு சுவரை இரட்டித்திருக்கிறீர்கள். 21½ இருந்தால் ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

எச்பி பென்சிலால் அழுத்தி எடுக்கும் முன் கதவு, ஜன்னல் இடங்களை இரண்டு சிறு குறுக்குக்கோடுகளால் குறியுங்கள். சுவரை இருட்டாக்கிவிட்டுக் கதவுக்காக அழிப்பதுதான் தாளைக் கெடுக்கும்.

சமையலறைக் கதவைக் கிட்டத்தில் பார்ப்போம். அது ஹாலிலிருந்து திறக்க வேண்டும். ஹால் நெடுக்கே 3 முதல் 75 வரை, சமையலறை 52½ முதல் 95 வரை. இரண்டுக்கும் பொதுவான சுவர் 52½ முதல் 75 வரைதான்: 22½ கட்டம், 5 அடி 7½ அங்குலம். 3 அடிக் கதவுக்கு 12 கட்டம் போதும். மூலையிலிருந்து 2 கட்டம், அதாவது 6 அங்குலம் விட்டு 54½-ல் தொடங்கி 66½-ல் முடிக்கலாம். மூலையை ஒட்டி வைத்தால் கதவு நிலைக்கும் கைப்பிடிக்கும் இடமிருக்காது, கதவு முழுதாகச் சாயவும் சாயாது. இப்படிப் பொதுச்சுவரை எண்ணிப் பார்க்காமல் அறைகளை மட்டும் அடுக்கினால், ஹாலிலிருந்து போக முடியாத ஓர் அறை வந்துவிடும். கட்டத்தாளில் அது உடனே தெரியும் என்பது பெரிய வசதி.

கதவு திறக்கும் வளைவைக் காம்பஸில் போடுங்கள். முள்ளைக் கீல் பக்கத்தில் குத்தி, ஆரம் 12 கட்டம், கால் வட்டம். கதவுப்பலகையை ஒரு நேர்க்கோடாகக் காட்டுங்கள். ஹாலிலிருந்து இரண்டாம் படுக்கையறைக்குப் போகும் கதவை குறுக்கே 45 முதல் 57 வரை வைத்து, 57-ல் கீல், உள்ளே திறப்பதாக எடுத்தால் வளைவு நெடுக்கே 88½ வரை போகும். அதே அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் இரண்டரை அடிக் கதவு 98½ முதல் 108½ வரை. இரண்டு கதவும் மோதவில்லை. வளைவைப் போடாமல் வெறும் இடைவெளியாக விட்ட பிளானில்தான், கட்டி முடித்த பிறகு ஒரு கதவு இன்னொன்றை இடிக்கிறது.

ஜன்னலுக்குச் சுவரின் இரண்டு முகக்கோடும் தொடரும், நடுவே இன்னும் ஒரு கோடு வரும். 4 அடி ஜன்னல் 16 கட்டம். 3 கட்டச் சுவரில் நடுக்கோடு ஒன்றரையில் விழும். கதவு இருக்கும் இடத்தில் சுவர்க்கோடு இரண்டும் நின்றுவிட வேண்டும். ஒரு சுவர் இன்னொரு சுவரில் முட்டும் இடத்தில் குறுக்கே ஓடும் முகக்கோட்டைத் திறந்துவிடுங்கள், அப்போதுதான் செங்கல் தொடர்கிறது என்று படிக்கத் தெரியும். பிறகு சுவருக்குள் சாய்கோடு போட்டால் அறைகள் தனியாக எழுந்து நிற்கும்.

பென்சிலின் கனம்

0.5 மி.மீ. கோடு நம் அளவுத்திட்டத்தில் ஒன்றரை அங்குலம். அதாவது கோட்டின் கனத்துக்குள்ளேயே ஒன்றரை அங்குலம் ஒளிந்திருக்கிறது. ஆகவே இந்தத் தாளிலிருந்து யாரும் அளந்து எதையும் கட்டக் கூடாது, எழுதிய எண்ணைத்தான் நம்ப வேண்டும். 10 அடி 8 அங்குலம் என்று ஓர் அறை வந்தால் அரைக் கட்டத்துக்குப் பொருந்தும் 10 அடி 7½-ஆக வரைந்து, எண்ணை 10 அடி 8 என்றே எழுதுங்கள். ஆனால் வெளிவரிசை மொத்தத்தை எழுதும்போது எழுதிய எண்களைக் கூட்டி எழுதுங்கள், கட்டத்தை எண்ணி எழுதாதீர்கள். உள்வரிசை எண்களின் கூட்டல் வெளிவரிசையோடு அரை அங்குலம்கூட வேறுபடாமல் ஒத்துவர வேண்டும்.

படுக்கை, மேசை இவற்றுக்கு இடமிருக்கிறதா என்று பார்க்க, அதே மாதிரிக் கிராஃப் தாளிலிருந்து துண்டு வெட்டி வைத்து நகர்த்துவது வசதி. 5 அடிக்கு 6½ அடிப் படுக்கை 20 × 26 கட்டம். முதல் படுக்கையறையில் 44 × 48 இருக்கிறது. சுற்றி நடக்க 2 அடி வேண்டும் என்றால் 8 கட்டம். துண்டை வைத்துவிட்டுக் கதவு வளைவின் மேல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மீட்டரில் வரைவதானால்

அப்போது கணக்கு இன்னும் நேர். 1:50-ல் ஒரு கட்டம் 5 செ.மீ., 1:100-ல் 10 செ.மீ. அடியில் கிடைத்த மாதிரி இடைப்பட்ட வசதியான படி மட்டும் இல்லை. இதே வீடு 8.19 × 11.54 மீட்டர். 1:50-ல் 164 × 231 கட்டமாகி ஓரத்தைத் தின்றுவிடும். 1:100-ல் 82 × 115 ஆகி, 23 செ.மீ. சுவர் 2.3 கட்டமாக மெலியும். 1:75-க்கு ஒரு கட்டம் 7.5 செ.மீ., மனக்கணக்குக்கு ஒத்துவராது. மீட்டரில் இந்த அளவு வீட்டுக்கு ஏ3 தாளும் 1:50-மே நல்ல சேர்க்கை.

கட்டிய வீட்டை அளந்து வரையும்போது

சுவர்க்கனத்தைக் கதவு நிலையிலோ ஜன்னலிலோதான் அளக்க முடியும். பூச்சும் சேர்ந்து 9 அங்குலச் சுவர் 10 அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும், அது மூன்றே கால் கட்டத்தைத் தாண்டும். ஒவ்வொரு சுவரிலும் அந்த மிச்சத்தைத் தள்ளிவிடாமல், ஓடும் எண்ணிக்கையை அங்குலத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டையும் கடைசியில் 3-ஆல் வகுத்து அரைக் கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது எந்தக் கோடும் கால் கட்டத்துக்கு மேல் விலகாது, பிழையும் சேராது.

கிராஃப் தாளுக்கு ஒரு குணம் உண்டு: எல்லா மூலையையும் செங்கோணமாக்கிவிடும். உண்மை வீட்டில் மூலை திறந்தோ மூடியோ இருக்கலாம். பெரிய அறைகளில் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்துவிடுங்கள். 14 × 18 அடி ஹாலுக்கு அவை 22 அடி 9½ அங்குலத்துக்குச் சற்று மேல், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று 2, 3 அங்குலம் கூடியிருந்தால் வரைபடத்தில் செவ்வகமாகவே விட்டு, இரண்டு எண்ணையும் அறைக்குள் எழுதிவைக்கலாம். அரை அடி வேறுபட்டால் சுவரே கோணல், அந்தக் கோட்டைக் கட்டத்தோடு ஒட்டிப் போடக் கூடாது.

நகல் எடுக்கும் முன்

தாளை ஸ்கேன் செய்து பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கி அச்செடுத்தால் "1 மி.மீ. = 3 அங்குலம்" என்று எழுதியது பொய்யாகிவிடும். கட்டம் நகலில் மங்கிவிட்டால் எண்ணிச் சரிபார்க்கவும் வழியில்லை. அதற்காகத் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு கோட்டு அளவு வரைந்துவையுங்கள்: 40 கட்ட நீளம், இரண்டு இரண்டு அடியாக 8 கட்டத்துக்கு ஒரு பிரிவு, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு, 0, 2, 4, 6, 8, 10 அடி என்று எண். தாள் எவ்வளவு சுருங்கினாலும் விரிந்தாலும் அதுவும் கூடவே சுருங்கி விரியும், நகலைக் கையில் வைத்திருப்பவர் டிவைடரை அதில் விரித்து எந்த அறையையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.